மாஸ்டரின் கணக்குத் துண்டுகள்

வகுப்புத் தோழர்களே, நம் கணித மாஸ்டர் காலமான செய்தி வந்தபோது, ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடு என் மகளுக்கு இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீடு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கு வயது 15. இரண்டையும் பிரித்து எழுத என்னால் முடியவில்லை.

ரொறன்ரோவில் ஆறாம் வகுப்பு வரை அவளுக்கு எல்லாப் பாடத்திலும் ‘ஏ’. ஒரு முறை கேட்டாலே பாடம் மனதில் நின்றுவிடும். ஒரே ஆசிரியை, ஒரே அறை, அன்றைக்கே முடிந்துவிடும் வேலை. ஒன்பதாம் வகுப்பில் நான்கு பாடங்களுக்கு நான்கு ஆசிரியர்கள். வாரக்கணக்கில் இழுக்கும் ஒப்படைகள். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நள்ளிரவு வரை வெற்றுத் தாளோடு இருப்பாள். கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சோம்பல் என்றார்கள்.

உளவியலாளர் வீட்டுக்கும் பள்ளிக்கும் வினாப்படிவங்கள் கொடுத்தார். நுண்ணறிவுச் சோதனையில் சொற்பொருள் விளக்கும் பகுதியில் அவள் மிக உயரத்தில் இருந்தாள். எண்களைப் பின்னிருந்து சொல்வதிலும் குறியீடுகளை விரைந்து எழுதுவதிலும் சராசரிதான். அந்த இடைவெளியை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, தூக்கக் குறைவும் பதற்றமும்கூட இப்படிக் காட்டும் என்றார் அவர். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பதை அறியப் பழைய தேர்ச்சி அறிக்கைகளைக் கேட்டார். ஒன்ராறியோவில் கற்கும் பழக்கங்களைப் பாடப் புள்ளிகளிலிருந்து பிரித்து மதிப்பிடுவார்கள். அதில் ‘ஒழுங்கமைப்பு’ என்ற வரியில் ஆண்டுதோறும் ‘மேம்பாடு தேவை’ என்றே இருந்தது. அத்தனை ‘ஏ’க்களுக்கு நடுவே அந்த வரி ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஏடிஎச்டி பெரும்பாலும் குடும்பவழி வருவது என்பதால் என் பள்ளிக்காலத்தையும் விசாரித்தார். புலமைப்பரிசிலில் தேறி விடுதிக்கு வந்த நான், ஆறாம் வகுப்பில் பாதிப் பயிற்சியோடு கொப்பியை நீட்டி, வாங்கில் ஏறி நின்ற நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். “புலமைப்பரிசில்காரனைப் பாருங்கள்” என்று ஓர் ஆசிரியர் வகுப்பையே சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் சுடுகிறது.

மாஸ்டர் என்னை முன்வாங்குக்கு மாற்றினார். பயிற்சிக் கணக்குகளைத் தாள்துண்டுகளில் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருப்பார். ஒன்றைச் செய்து அவருடைய மேசைக்குக் கொண்டுபோனால்தான் அடுத்தது கிடைக்கும். எழுந்து நடந்துவிட்டு வந்தால் மனம் மறுபடி கணக்கில் நிற்கும். முழுப் பயிற்சியையும் பார்த்து மலைத்துப்போகிறவன், ஒற்றைக் கணக்கென்றால் உடனே தொடங்கிவிடுவான் என்று அவர் கண்டுகொண்டிருந்தார். ஏடிஎச்டி என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். என் மகளின் பள்ளி இப்போது எழுதித் தந்திருக்கும் திட்டத்திலும் அதுதான் இருக்கிறது: ஒப்படையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தவணை.

எட்டாம் வகுப்பில் வெறுந்துண்டுகளை என் கையில் தந்து, “இனி நீயே பிரித்து எழுது” என்றார். அது எனக்குக் கைவருவதற்குள் நாங்கள் நாட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டோம். இன்னும் இரண்டு ஆண்டுகள் அவரிடம் இருந்திருந்தால், பல்கலைக்கழகப் படிப்பை நான் பாதியில் விட்டிருக்க மாட்டேன் என்றே நம்புகிறேன்.