வாந்தி எடுத்த கையோடு பிரஷ் வேண்டாம்

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வாந்தி வந்ததும் கை தானாகவே பிரஷ்ஷைத் தேடும். புளித்த வாயோடு எவ்வளவு நேரம்தான் இருப்பது! ஆனால் இரைப்பை அமிலம் பட்ட எனாமல் சற்று நேரம் இளகிப்போயிருக்கும். அப்போது தேய்த்தால் அந்த மேல்படலமும் சேர்ந்து உரிந்துவிடும், போன எனாமல் திரும்ப வளராது.

பத்தாவது வாரம், காலை ஆறு மணிக்கு ஒரு வாந்தி என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, வாய் முழுக்கச் சுழற்றிக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். சோடா அமிலத்தை முறிக்கும். அது கைவசம் இல்லையென்றால் வெறும் தண்ணீரும் போதும். பல் துலக்குவதை ஏழு மணிக்குத் தள்ளிப்போடுங்கள். மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், ஃப்ளோரைடு பல்லில் தங்கட்டும்.

பிரஷ் உள்ளே போனாலே குமட்டுகிறது என்பவர்கள்தான் அதிகம். தலை சிறியதாக உள்ள குழந்தைகள் பிரஷ்ஷும், நுரை குறைந்த, காரமில்லாத பேஸ்ட்டும் உதவும். தலையை முன்னால் சாய்த்துத் தேய்த்தால் நுரை தொண்டைக்குப் போகாது. காலையில் முடியவே இல்லையா, குமட்டல் அடங்கிய மதியத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

எனாமல் அரிப்பு முதலில் தெரிவது மேல் முன்பற்களின் உட்புறத்தில். கண்ணாடியில் அது தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும்: வழவழப்பு கூடும். போகப்போகப் பல் விளிம்பு மெலிந்து கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், குளிர்ந்த தண்ணீர் கூசும். அப்போதே பல் மருத்துவரிடம் காட்டினால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிவிடுவார்.

ஈறு வீக்கம் வேறு கதை. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு, பல்லில் படியும் கிருமிப் படலத்துக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டி, சிவந்து உப்பி, தொட்டால் ரத்தம் கசியும். பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில் தொடங்கி எட்டாம் மாதம் வரை கூடும். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. படலம் சேர்ந்து வீக்கம் ஏறும். ஈறோரத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்து, பல்லிடுக்கையும் நூலால் சுத்தம் செய்தால் கசிவு படிப்படியாகக் குறையும். படலம் காறையாகக் கெட்டித்துப்போயிருந்தால் வீட்டில் எதுவும் ஆகாது, பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்ய வேண்டும். சிலருக்குப் பல்லிடுக்கில் சிவந்த கட்டி ஒன்று முளைக்கும். புற்றுநோய் அல்ல, பிரசவத்துக்குப்பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆனாலும் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யட்டும்.

ஸ்கேலிங்குக்கு நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமும் காத்திருக்கக் கூடாது. மாத்திரை எதுவானாலும் கேட்டே போடுங்கள். வலிக்கு வழக்கமாகத் தருவது பாராசிட்டமால்; ஐபுபுரூஃபனை, குறிப்பாக 20 வாரத்துக்குமேல், தவிர்ப்பார்கள். வயிறு பெரிதானபின் பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து படுத்தால் பெரிய ரத்தக்குழாய் அழுந்தித் தலைசுற்றும். வலது இடுப்புக்கு அடியில் சிறு தலையணை வைத்து இடப்பக்கமாகச் சாயுங்கள்.