‘பொிய’ தொல்லையும் 499 ரூபாய் எக்ஸ்டென்ஷனும்: நான்காம் மாதம்

நேற்று ஒருவருக்கு 499 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். இது இரண்டாவது ரீஃபண்ட். முதலாமவர் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தார், குரோம் எக்ஸ்டென்ஷன் என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் வாங்கிவிட்டார், அது கணக்கில் சேராது. நேற்றைய ஆள் நியாயமான காரணத்தோடு கேட்டார். அவருடைய புகாரைச் சொல்வதற்கு முன் எக்ஸ்டென்ஷன் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்ற இணையத்தில் இலவசக் கருவிகள் எத்தனையோ இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் இன்னொன்றாகப் போய் நின்றால் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த வேலை. ஏற்கெனவே தப்பாக மாற்றி வைத்திருக்கும் யூனிகோடை, அது கிடக்கும் பெட்டியிலேயே வலது கிளிக்கில் சரிசெய்வது. ‘அவா்கள்’, ‘பொிய’, ‘தொியும்’, ‘வௌியீடு’ வகையறா.

இந்த யோசனை வந்தது தெரு முனையில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணாச்சியால். ஒரு சிறுபத்திரிகையின் பழைய இதழ்களை வலைத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். “தம்பி, ‘பெரிய’ன்னு தேடினா ஒண்ணும் வரல. கண்ணுக்கு முன்னால இருக்கு, தேடினா இல்லேங்குது. கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சா?” என்றார். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. திரையில் இருந்தது ‘பெரிய’ அல்ல. பொ, அதன் மேல் ஒரு ி, அப்புறம் ய. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. Ctrl+F-க்கு மட்டும்தான் தெரியும்.

காரணம் பாமினியின் சிக்கனம். ர என்ற எழுத்துக்கு அதில் `u` என்று தனி விசை உண்டு. ஆனால் ர், ரி, ரீ வரும்போது கீழே கால் தேவையில்லை என்று துணைக்கால் விசையான `h`-ஐயே வைத்துவிட்டார்கள். அச்சில் அழகாக இருக்கும். ஆக ‘அவர்’ என்பது `mth;`, ‘பெரிய’ என்பது `nghpa`. அவசரமாக எழுதிய மாற்றி `ngh`-ஐப் பார்த்ததும் ‘பொ’ என்று எடுத்துக்கொள்கிறது. மிச்சம் `p`, அதாவது ி. ஒட்டவைத்தால் ‘பொி’. ‘வெளி’ கதையும் இதேதான். ள-வுக்கும், ஔகாரத்தின் பின்பாதிக்கும் பாமினியில் ஒரே விசை, `s`. `nts` என்றதும் ‘வௌ’ என்று முடிவுகட்டிவிட்டு, பின்னால் வரும் ி-யைத் தலையில் ஏற்றிவிடுகிறது.

முதலில் நான் எழுதிய திருத்தியைக் காட்டவே வெட்கமாக இருக்கிறது. ொ-வுக்கு ஒரு விதி, ோ-வுக்கு ஒரு விதி, ா-வுக்கு ஒரு விதி, ஒவ்வொன்றும் ி, ீ, புள்ளி மூன்றுக்கும் தனித்தனியாக. அதோடு சிலருடைய கோப்புகளில் ொ ஒரே குறியாக இருக்கும், சிலருடையதில் ெ, ா என்று இரண்டு துண்டாக இருக்கும். இரண்டையும் பிடிக்க விதிகள் இரட்டிப்பாயின. சேர்ந்த என்ற சொல் ‘சோ்ந்த’ என்று வந்தால் ஒரு கோப்பில் திருந்தும், இன்னொன்றில் திருந்தாது. இரண்டு வாரம் இதிலேயே போனது.

அப்புறம்தான் உறைத்தது. நான் சேர்த்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன், பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. யூனிகோடில் NFD என்று ஒரு வடிவம் உண்டு. அதற்கு மாற்றினால் ொ என்பது ெ, ா ஆகிவிடும், ோ என்பது ே, ா ஆகிவிடும். பிறகு பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். துணைக்காலுக்குப் பின்னால் ி, ீ, புள்ளி வந்தால் அது துணைக்கால் இல்லை, ர. தமிழில் அப்படி ஒரு கூட்டு கிடையவே கிடையாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

```js
function fix(t) {
  return t.normalize('NFD')
    .replace(/\u0BBE(?=[\u0BBF\u0BC0\u0BCD])/g, '\u0BB0')
    .replace(/\u0BD7(?=[\u0BBE\u0BBF\u0BC0\u0BCD])/g, '\u0BB3')
    .normalize('NFC');
}
```

அத்தனை விதிகள் இருந்த இடத்தில் இரண்டு வரி. இரண்டாவது வரி ‘வௌி’க்கானது. ௌ பிரியும்போது பின்பாதி 0BD7 என்ற தனிக் குறியாக வந்து நிற்கும், அதன் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ள. நான் நினைத்தே பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. ஔ என்ற எழுத்தும் NFD-யில் ஒ, 0BD7 என்று பிரிகிறது. அதனால் ‘ஔி’ என்று கிடந்ததெல்லாம் தானாக ‘ஒளி’ ஆகிவிட்டது. அன்றைக்குக் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

பெட்டிக்குள் திருப்பி எழுதுவதில் ஒரு சின்ன விஷயம். textarea-வில் நேராக value-வை மாற்றினால் Ctrl+Z வேலை செய்யாது. தட்டச்சு செய்பவர்களுக்கு Ctrl+Z இல்லையென்றால் கை நடுங்கும், அண்ணாச்சி முதல் நாளே அதைத்தான் கேட்டார். `document.execCommand('insertText', false, புதியது)` பழசு, கைவிடப்பட்டது என்று ஆவணம் சொல்கிறது. ஆனாலும் ஒழுங்காக Undo தருவது அதுதான். வேறு வழி வரும்வரை அதைத்தான் வைத்திருக்கப் போகிறேன்.

விற்பனைக்கு வருகிறேன். குரோம் வெப் ஸ்டோரில் பதிவுக் கட்டணம் ஒரே தடவை 5 டாலர். ஸ்டோரே பணம் வாங்கித்தரும் வசதி முன்பு இருந்தது, 2021-இலேயே மூடிவிட்டார்கள். ஆக வசூல் நம் பொறுப்பு. முதல் மாதம் மாதச் சந்தா 49 ரூபாய் என்று வைத்தேன். யுபிஐ ஆட்டோபே அனுமதி கேட்கும் திரை வந்ததும் ஆட்கள் ஓடிவிடுகிறார்கள். “மாசாமாசம் அதுவா எடுத்துக்குமா? வேண்டாம் சார், மொத்தமா சொல்லுங்க” என்று ஒருவர் போன் செய்தே சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். பழைய இதழ்களை ஏற்றும் வேலை மூன்று மாதத்தில் முடிந்துவிடும், அதற்கப்புறம் சந்தா எதற்கு? 499, ஒரே தடவை என்று மாற்றினேன். கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தால் 11.78 போகும், கைக்கு 487.22. இதுவரை 27 பேர் வாங்கியிருக்கிறார்கள். வேலையை விடும் அளவுக்கு இல்லை, மாதாந்திர பிராட்பேண்டுக்குத் தாராளமாகக் காணும்.

உரிமச் சாவியைச் சரிபார்க்க சர்வர் வைக்கவில்லை. வாங்கியவரின் மின்னஞ்சலை என் கணினியில் இருக்கும் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு (ECDSA, P-256) அனுப்புகிறேன். எக்ஸ்டென்ஷனுக்குள் பொதுச் சாவி இருக்கிறது, `crypto.subtle.verify` அங்கேயே பார்த்துச் சொல்லிவிடும். டிடிபி கடைகளில் நெட் போய்ப்போய் வரும், சர்வரை நம்பியிருந்தால் தினமும் போன் வரும். ஒரு சாவியை நாலு பேர் பகிர்ந்தால்? பகிரட்டும். அமைப்புப் பக்கத்தில் வாங்கியவரின் மின்னஞ்சல் பெரிதாகத் தெரியும், அந்தக் கூச்சம் போதும். இதில் பட்ட அடி வேறு. முதல் ஐந்து பேரில் இருவருக்குச் சாவி செல்லுபடியாகவில்லை. போன் கீபோர்டு மின்னஞ்சலின் முதல் எழுத்தைப் பெரியதாக்கி, கடைசியில் ஒரு இடைவெளியும் போட்டிருந்தது. கையொப்பமிடும்போதும் சரிபார்க்கும்போதும் இரண்டு பக்கமும் `trim().toLowerCase()`. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அனுமதிகளில் மட்டும் கஞ்சத்தனமாக இருங்கள். எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதி கேட்டால், நிறுவும்போது பயமுறுத்தும் எச்சரிக்கை வரும், ஸ்டோரின் பரிசீலனையும் நீளும். பயனர் கிளிக் செய்த பக்கத்தை மட்டும் தொடும் `activeTab` எனக்குப் போதுமாக இருந்தது.

சரி, ரீஃபண்டுக்கு வருகிறேன். வாங்கியவர் வட்டார வழக்குச் சிறுகதைகள் எழுதுபவர். அவர் கோப்பில் ‘வௌக்குமாறு’, ‘கௌம்பிட்டான்’, ‘வௌங்கல’ என்று வரிக்கு ஒன்று. என் விதி இவற்றைத் தொடவே இல்லை. ஏனென்றால் இங்கே ள-வுக்குப் பின்னால் குறி எதுவும் கிடையாது, வெறும் அகரம். ‘வெளக்குமாறு’ `ntsf;FkhW` என்றால் ‘கௌரவம்’ `nfsutk;`. வடிவத்தில் இரண்டும் ஒன்றுதான். எழுத்துநடையில் மட்டும் சோதித்துப் பார்த்ததன் பலன். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம் எல்லாம் சரியாக நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு இரவாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வகர வரிசை சுலபம். வௌ என்று உண்மையிலேயே தொடங்கும் சொற்களில் எனக்குத் தெரிந்தவை வௌவால், வௌவுதல் போன்றவைதான், எல்லாவற்றிலும் அடுத்த எழுத்து வ. ஆகவே வௌ-வுக்குப் பின் வ வராவிட்டால் ‘வெள’ என்று மாற்றலாம். ககரம்தான் படுத்துகிறது. கௌரவம், கௌதமன், கௌதாரி ஒரு பக்கம். கெளம்பு, கெளப்பு, கெளவி மறுபக்கம். ‘ம்ப’, ‘ப்ப’ தொடர்ந்தால் பேச்சுவழக்கு என்று ஒரு விதி போட்டேன். ‘கௌபாய்’ தப்பித்தது, ஏனென்றால் அதில் ப ஒற்றை. ‘கௌமாரி’யும் தப்பித்தது. ‘கெளவி’யிடம் தோற்றேன். கிழவியா, வாயால் கவ்வுகிற ‘கௌவி’யா? ‘நாய் எலும்பைக் கௌவி ஓடியது’ என்று நானே சோதனை வாக்கியம் எழுதி நானே மாட்டிக்கொண்டேன்.

இதை எந்த விதியும் தீர்க்காது, வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும். அதனால் மாற்றாமல், சந்தேகச் சொற்களை மஞ்சளில் காட்டி, கிளிக் செய்தால் ஒவ்வொன்றாக மாறும்படி செய்துகொண்டிருக்கிறேன். textarea-வுக்குள் மஞ்சள் பூச முடியாது, அதனால் பக்கவாட்டில் பட்டியல். அது பாதியில் நிற்கிறது. நடுவில் ஒருவர் வானவில் எழுத்துருவுக்கு எப்போது என்று கேட்டார், நேற்று இரவு பட்டியலை விட்டுவிட்டு வானவில் விசைகளைக் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். மெய்யெழுத்து வரிசை வரை வந்திருக்கிறது.

பணம் திருப்பி அனுப்பியதும் அந்தக் கதைக்காரரிடம் ஒரு கோப்பு மட்டும் கேட்டேன், சோதனைக்கு. பதினோரு கதைகளையும் அனுப்பிவிட்டார். முதல் கதையில் மட்டும் கெளவி நாற்பது தடவை வருகிறாள்.