பைலுக்குள் வைத்த இருபதாயிரம்

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு சின்னக் கடை. 2019இல் அதன் மேல்மாடியைக் களஞ்சியமாக்க ஓர் அனுமதிக் கடிதம் தேவைப்பட்டது. எந்த அலுவலகம் என்பது வேண்டாமே. விண்ணப்பம் மூன்று மாதம் மேசையிலேயே கிடந்தது. நான்காம் முறை போனபோது உத்தியோகத்தர் கல்குலேட்டரில் 20000 என்று அடித்து, அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

மருமகன்தான் இலஞ்ச முறைப்பாட்டுக்கான 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கச் சொன்னான். இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் அதே 1954தான், இலக்கத்தை மறக்க வழியில்லை. மறுநாள் மலலசேகர மாவத்தையில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போனேன். கொடுத்தால் நானும் குற்றவாளியாகி விடுவேனோ என்பதுதான் என் முதல் பயம். வாங்குபவருக்கு எதிராகக் கொடுத்தவர் சாட்சி சொல்லலாம், சட்டம் அவரைக் கூட்டாளியாகப் பார்க்காது என்று விளக்கினார்கள். அடுத்த கேள்வி என் கதையின் பலவீனத்தைத் தொட்டது: "அவர் கேட்டதை வேறு யாராவது கண்டார்களா?" கல்குலேட்டரைக் கண்டது நான் மட்டும்தான்.

அதனால் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அங்கிருந்தே அவருக்குப் போன் எடுக்கச் சொன்னார்கள். தொகையை நான் முந்திச் சொல்லக் கூடாது. நாமாக ஆசை காட்டினால், பொறி வைத்துக் குற்றம் செய்ய வைத்தார்கள் என்று வாதாட இடம் கிடைத்துவிடுமாம். "என்ன கொண்டு வரவேண்டும் சேர்?" என்று கேட்டேன். "அன்றைக்குக் காட்டினதை" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. விசாரணை அதிகாரியின் முகத்தில் அந்த நிம்மதி தெரியவில்லை.

என்னுடைய நான்கு ஐயாயிரம் ரூபாய்த் தாள்களின் இலக்கங்களையும் எழுதி எடுத்தார்கள். கூடவே ஓர் அதிகாரி என் மச்சான் வேஷத்தில் வந்தார். இப்படி வருபவரை டெக்கோய் என்கிறார்கள். நடப்பதைக் கண்ணால் கண்டு காதால் கேட்பதுதான் அவருடைய வேலை. காசு எதற்கு என்பதை உத்தியோகத்தரின் வாயாலேயே வரவைக்க வேண்டும், அப்புறம் நான் கைலேஞ்சியால் முகத்தைத் துடைக்க வேண்டும். அதுதான் சைகை.

உத்தியோகத்தர் 'மச்சானை' ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, என் பைலை முன்னால் தள்ளினார். "பைல் எகட்ட தாலா தென்ன." பைலுக்குள் போட்டுத் தரட்டாம். நான் "எதற்கு சேர்?" என்றேன். "உங்கள் வேலை முடிய வேண்டாமா?" என்று சிரித்தார். தாள்களை வைத்து மூடிக் கொடுத்தேன். பைல் லாச்சிக்குள் போனது, நான் முகத்தைத் துடைத்தேன். வெளியே நின்றவர்கள் வந்து தாள்களை எடுத்து இலக்கம் ஒப்பிட்டபோது எல்லாம் பொருந்தின. ஆனால் அந்தக் காசை அவர் விரலால் தொட்டதை நான் காணவில்லை.

அன்று பின்னேரம் வாக்குமூலம் கொடுத்தேன். கடைக்குப் போதுமான சிங்களம் எனக்கு வரும், அதனால் சிங்களத்திலேயே சொன்னேன். தமிழில் தரவா என்று கேட்கத் தோன்றவே இல்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாசித்துக் காட்டியபோது தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதில் "அவரிடம் பணத்தைக் கொடுத்தேன்" என்றுதான் இருந்தது, பைலைப் பற்றி ஒன்றுமில்லை.

இடையில் கொரோனா வந்தது. எதிரியின் சட்டத்தரணி தவணை கேட்டுக்கொண்டே இருந்தார். புதுக்கடை மேல் நீதிமன்றத்தில் நான் கூண்டேறியபோது 2023. இதற்குள், ஆணையாளர்கள் மூவரின் எழுத்து மூல அனுமதி இல்லை என்று சில பெரிய புள்ளிகளின் வழக்குகள் மீளப்பெறப்பட்டதைப் பத்திரிகையில் பார்த்துக் கலங்கிப் போயிருந்தேன். என் வழக்கில் அந்தக் கடதாசி ஒழுங்காகத்தான் இருந்தது.

சாட்சியத்தைத் தமிழில் சொன்னேன், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். குறுக்கு விசாரணை முழுவதும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான். "கையில் கொடுத்தீர்களா, பைலில் வைத்தீர்களா? எது பொய்?" இரண்டும் ஒன்றுதான் என்றேன். இல்லையாம்: கையில் கொடுத்தால் அவருக்குத் தெரிந்து வாங்கியது, பைலுக்குள் என்றால் அவருக்குத் தெரியாமல் நானே செருகியது. போனில் சொன்ன "காட்டினது" குறைந்திருந்த ஆவணங்களாம், கல்குலேட்டரில் அடித்தது சதுர அடிக் கணக்காம். ஒவ்வொரு விளக்கமும் நம்பும்படியாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

என் 'மச்சான்' அன்றே எழுதிய குறிப்பில் பைல், லாச்சி, "வேலை முடிய வேண்டாமா" எல்லாம் இருந்தன. வழக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். சுற்றிவளைப்பு நடந்த அன்று அனுபவமுள்ளவர் அவர், நான் இல்லை.

முத்திரையிட்ட உறையைத் திறந்து தாள்களைக் காட்டினார்கள். ஒன்றில் என் கடையின் நீல மை பட்டிருந்ததை அடையாளம் சொன்னேன். வழக்கு முடியும்வரை அவை சான்றுப்பொருள். அனுமதிக் கடிதம் வேறோர் உத்தியோகத்தரிடமிருந்து இரண்டு வாரத்தில் வந்துவிட்டது.

இப்போது மிச்சமிருப்பது, அந்த வேலை உத்தியோகத்தருடைய கடமைக்குள் வந்ததுதான் என்று சொல்ல வேண்டிய மேலதிகாரி. ஓய்வுபெற்று அவுஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிறாராம். அடுத்த தவணைக்கு வருவாரா என்று கேட்டால், அழைப்பாணை போயிருக்கிறது என்கிறார்கள்.