கவர் லெட்டரின் நடுப் பத்தி: பி.காம் முடித்து டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை தேடிய அனுபவம்

பி.காம் முடித்த கையோடு ஜூனியர் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைகளுக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தேன். ஒரே கவர் லெட்டரை வைத்துக்கொண்டு நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினேன். ஒரு தடவை அந்தப் பெயரைக்கூட மாற்ற மறந்துவிட்டேன், அது தனிக் கதை. இருபதுக்கு மேல் அனுப்பியும் ஒரு இன்டர்வியூ வரவில்லை.

கல்லூரியில் எனக்கு நாலு வருடம் சீனியரான அக்கா ஒருவர் இந்தத் துறையில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறார். அவரிடம் கடிதத்தைக் காட்டினேன். முதல் பத்தி இப்படி இருந்தது: “டிஜிட்டல் மார்க்கெட்டிங் மீது தீராத ஆர்வம் கொண்ட நான், வணிகவியல் படித்திருந்தாலும், எஸ்இஓ, சமூக ஊடகம், மின்னஞ்சல் மார்க்கெட்டிங் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி பெற்றுள்ளேன்.”

அக்கா இரண்டே கேள்வி கேட்டார். “தேர்ச்சின்னு எழுதியிருக்க, எதைச் செஞ்சு பார்த்த?” எனக்குப் பதில் வரவில்லை. “அப்புறம் இந்த ‘இருந்தாலும்’ எதுக்கு? பி.காம் படிச்சது என்ன தப்பா?”

அந்த ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லை நான் கவனித்ததே இல்லை. மூன்று வருடம் படித்ததற்கு மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் புதியவர்களில் பலரும் போஸ்டர் டிசைன் செய்வார்கள், ரீல்ஸ் எடுப்பார்கள், கேப்ஷன் எழுதுவார்கள். செலவு எது, வரவு எது, மிச்சம் எது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் குறைவு என்றார் அக்கா. அதைத்தான் நான் ஒளித்து வைத்திருந்தேன்.

சரி, காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். சான்றிதழ் இருந்தது. கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் இலவசமாகப் படித்துத் தேர்வு எழுதி வாங்கும் விளம்பரச் சான்றிதழ். அதை எல்லோருமே வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் காலாவதியும் ஆகிவிடும். ரெஸ்யூமேயில் ஒரு வரி போதும், கடிதத்தில் இடம் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இன்னொன்று இருந்தது. இரண்டாம் வருடத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸைப் போட்டு வைப்பதற்காக ஒரு சின்ன இணையதளம் தொடங்கியிருந்தேன். அதை வேலையோடு சேர்த்து நினைத்ததே இல்லை. தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் அதை இணைத்து வைத்திருந்ததால் பழைய விவரமெல்லாம் அப்படியே இருந்தது (16 மாதம் வரை பின்னால் போய்ப் பார்க்கலாம்). ஒரு பக்கம் மட்டும் உறுத்தியது. 28 நாளில் கூகுள் தேடலில் 3,200 முறை கண்ணில் பட்டிருக்கிறது. கிளிக் செய்தவர்கள் 32 பேர். அதாவது சிடிஆர் எனப்படும் கிளிக் விகிதம் 1 சதவீதம். தேடல் முடிவுகளில் மேலிருந்து எண்ணினால் சராசரி இடம் 8.6.

அந்தப் பக்கத்தின் தலைப்பைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது: “நோட்ஸ் – யூனிட் 4”. எனக்குத்தான் அது நாலாவது யூனிட். தேடி வருகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? “மார்ஜினல் காஸ்டிங்: பிரேக் ஈவன் கணக்குகள், விடையுடன்” என்று மாற்றினேன். பக்கத்துக்குள் வேறு எதையும் தொடவில்லை. மாற்றிய அன்றே எண்ணத் தொடங்கக்கூடாது. கூகுள் திரும்ப வந்து பக்கத்தைப் படிக்கச் சில நாள் ஆகலாம், நாம் கொடுத்த தலைப்பை விட்டுவிட்டுத் தானே ஒன்றைக் காட்டவும் செய்யும். தேடல் முடிவில் புதுத் தலைப்பு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு 28 நாள் விட்டேன். 3,400 முறை தெரிந்திருந்தது, 75 கிளிக். சிடிஆர் 2.2 சதவீதம்.

இதோடு நிறுத்தி, “தலைப்பை மாற்றிக் கிளிக்கை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தினேன்” என்று எழுதத்தான் கை துடித்தது. எழுதியும் விட்டேன். அனுப்புவதற்கு முன்னால்தான் சராசரி இடத்தைப் பார்த்தேன்: 8.6 இருந்தது 7.9 ஆகியிருந்தது. மேலே ஏறினால் கிளிக் தானாகவே கூடும். அப்படியானால் தலைப்பின் பங்கு எவ்வளவு, இடம் ஏறியதன் பங்கு எவ்வளவு?

தேடும் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு காலத்திலும் இடம் 8-க்குப் பக்கத்திலேயே நின்றது. அதில் முன்பு 900-க்கு 8 கிளிக், பின்பு 950-க்கு 19. இடம் மாறாத சொல்லிலும் கூடியிருப்பதால் தலைப்புக்குப் பங்கு உண்டு என்று சொல்லலாம். ஆனால் 8, 19 என்பதெல்லாம் ரொம்பச் சின்ன எண்கள். அடித்துச் சொல்ல முடியாது.

கடிதத்தின் நடுப் பத்தி கடைசியில் இப்படி வந்தது:

“என் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் தளத்தில் ஒரு பக்கம் 28 நாளில் 3,200 முறை தேடலில் தெரிந்தும் 32 கிளிக் மட்டுமே பெற்றது. தலைப்பை மட்டும் மாற்றி, அடுத்த 28 நாளை ஒப்பிட்டேன்: 3,400-க்கு 75. அதே காலத்தில் சராசரி இடமும் 0.7 மேலே வந்ததால் முழு உயர்வையும் தலைப்பின் கணக்கில் எழுத முடியாது. இடம் மாறாத ஒரு தேடல் சொல்லில் கிளிக் விகிதம் 0.9-லிருந்து 2 சதவீதமானது. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை ஓர் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.”

‘தேர்ச்சி’யும் இல்லை, ‘ஆர்வம்’ என்ற சொல்லும் இல்லை. நண்பன் ஒருவன் படித்துவிட்டு, “உன் குறையை நீயே சொல்லிக்கிறியே, அந்த 0.7 வரியைத் தூக்கு” என்றான். நான் தூக்கவில்லை. சர்ச் கன்சோலைத் தினமும் திறக்கிறவருக்கு முதலில் தோன்றும் சந்தேகமே அதுதான். அதை நாமே சொல்லிவிட்டால், படிக்கிறவர் அடுத்த கேள்விக்குப் போவார்.

எல்லா இடத்துக்கும் இந்தப் பத்தி பொருந்தாது. இரண்டு வாரம் கழித்து ஒரு அறிவிப்பு வந்தது. தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் எஸ்இஓ என்ற பேச்சே இல்லை. பணம் கட்டி ஓட்டும் விளம்பரங்களைக் கவனிக்க உதவியாள் வேண்டும் என்று இருந்தது. நான் விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவழித்தவன் இல்லை. ஓட்டியதாகக் கதை விட்டால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வேன். அங்கேதான் பி.காம் நேரடியாகக் கைகொடுத்தது.

விளம்பரத் திரையில் ROAS என்று ஒரு எண் இருக்கும். விளம்பரத்தால் வந்த விற்பனையை விளம்பரச் செலவால் வகுத்தால் கிடைப்பது அது. 3 என்றால் ஒரு பங்கு போட்டு மூன்று பங்கு விற்றிருக்கிறோம். பார்த்தால் லாபம் போலத் தெரியும். ஆனால் அது விற்பனைதானே தவிர, மிச்சம் இல்லை. பொருளின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல், பேக்கிங், டெலிவரி, பணம் வாங்கும் கட்டணம் என்று ஒவ்வொரு விற்பனைக்கும் கூடவே வரும் மாறும் செலவு 70. மீதி 30. இதைத்தான் நாம் கான்ட்ரிபியூஷன் என்று வகுப்பில் படித்தோம். 100-ஐ 30-ஆல் வகுத்தால் 3.33. லாபமும் இல்லாத, நஷ்டமும் இல்லாத எல்லை அது. ROAS அதற்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு ஆர்டரிலும் கையை விட்டுப் போகிறது. திரையில் 3 என்று வருவது இந்தப் பொருளுக்கு நஷ்டம். மாறும் செலவு 40 மட்டும் உள்ள இன்னொரு பொருளுக்கு மீதி 60, எல்லை 1.67; அங்கே அதே 3 நல்ல லாபம்.

இந்தக் கணக்கையே நாலு வரியில் நடுப் பத்தியாக வைத்தேன். “விளம்பரக் கணக்கை நான் இதுவரை நேரடியாகக் கையாண்டதில்லை” என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். எந்தப் பொருளுக்கு எந்த எல்லை என்று முதலில் ஒரு அட்டவணை போட்டுவிட்டு, அப்புறம் திரையைப் பார்ப்பேன் என்று முடித்தேன். முதல் வரைவில் ஒரு தப்பு செய்திருந்தேன்: வாடகையையும் சம்பளத்தையும் அந்த 70-க்குள் சேர்த்துவிட்டேன். அவை நிலையான செலவு. ஒரு ஆர்டர் கூடுதலாக வந்தால் வாடகை கூடுவதில்லை. சேர்த்தால் எல்லை தேவையில்லாமல் உயர்ந்து, ஓட வேண்டிய விளம்பரத்தையும் நிறுத்திவிடுவோம். மார்ஜினல் காஸ்டிங் தேர்வில் மதிப்பெண் போகும் அதே இடம்.

கடிதத்தின் மற்ற பாகங்களுக்கு நான் ரொம்ப மெனக்கெடவில்லை. தொடக்கம் இரண்டு வரி: எந்த வேலை, அறிவிப்பில் அவர்கள் கேட்டதில் எதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். முடிவும் இரண்டு வரி: எப்போது சேர முடியும், எண்கள் உள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கான லிங்க் எங்கே. மொத்தம் ஒரு பக்கத்தில் முக்கால். அந்த லிங்க்கை மட்டும் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். என்னுடையது முதலில் ‘அனுமதி கேட்கவும்’ என்று நின்றது. நம் கணக்கில் நாம் திறக்கும்போது அது தெரியாது.

விளம்பர வேலைக்குப் போன கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. தலைப்புப் பத்தி வைத்து அனுப்பியதில் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. எதிரே இருந்தவர் கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார். 0.7-ஐச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். “இந்தச் சந்தேகத்தை இன்னும் நல்லா தீர்க்கணும்னா என்ன செய்வீங்க?” என்று ஆரம்பித்தார். ஒரே மாதிரியான பத்துப் பக்கங்களை எடுத்து, ஐந்துக்கு மட்டும் தலைப்பை மாற்றி, மற்ற ஐந்தை அப்படியே விட்டு ஒப்பிடுவேன் என்றேன். “உங்க தளத்துல அப்படிப் பத்துப் பக்கம் இருக்கா?” என்றார். ஆறுதான் இருந்தது, அதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பி அவர்கள் தளத்தின் சர்ச் கன்சோலைத் திறந்தார். “இங்கே 400 இருக்கு. எதை முதல்ல தொடுவீங்க?”