அடுப்படியா, தராசா: ஒரே வீடியோவின் இரண்டு எடிட்டைப் போட்டுப் பார்த்த கதை

பெரியம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் ஒரு நாளை வீடியோ எடுத்தோம். இடம் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். படம் பிடித்தது நான், எடிட் செய்தது மச்சான். முடிந்த நீளம் சரியாக 6 நிமிடம். படம் பிடித்ததில் எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, எங்கே தொடங்குவது என்பதில்தான் சண்டை.

என் எடிட் விடியற்காலை 5 மணிக்கு தோட்டத்து லயத்து வீட்டு அடுப்படியில் தொடங்கும். ரொட்டி சுடுகிறார், தேத்தண்ணி ஊற்றுகிறார், கூடையை மாட்டிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போகிறார். மச்சானின் எடிட் எடுத்த எடுப்பிலேயே கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கும். தராசு 16 கிலோ காட்டுகிறது, கழிவு 2 கிலோ என்று எழுதுகிறார்கள், பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் அடுப்படி வரும். முதல் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் இரண்டும் ஒன்றுதான்.

“ஆளுங்களக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவோம், தெரிஞ்சிரும்” என்றான் மச்சான். சரி என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை செய்தது முழுக்கப் பிழை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் சாவியை வாங்கி, 12 பேரை உட்கார வைத்து, முதலில் என்னுடையது, அடுத்து அவனுடையது என்று சுவரில் போட்டோம். பிறகு கை தூக்கச் சொன்னோம். கை தூக்குவதற்கு முன்னமே முன்வரிசையில் இருந்த தலைவர் ஒருவர் “ரெண்டாவதுதான் உசுரா இருக்கு” என்று சொல்லிவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன், தயங்கி நின்ற இரண்டு கைகள் அதைக் கேட்டு மேலே போயின. தராசுக்கு 8, அடுப்படிக்கு 4.

மச்சானுக்கு ஒரே சந்தோஷம். அன்று இரவு ஒரு காசை எடுத்துச் சுண்டிப் பார்க்கச் சொன்னேன். 12 தடவை சுண்டினால் 8 அல்லது அதற்கு மேல் பூ விழுவது அபூர்வமான காரியம் இல்லை, கிட்டத்தட்ட ஐந்து முறைக்கு ஒரு முறை அப்படி விழும். அதுவும் காசுகள் ஒன்றையொன்று பார்த்து விழுவதில்லை, எங்கள் ஆட்கள் தலைவரைப் பார்த்துக் கை தூக்கினார்கள். இன்னொரு சங்கடமும் இருந்தது. இரண்டாவதாகப் பார்த்ததைப் புதிதாகப் பார்த்ததாகவே சொல்ல முடியாது. கதை தெரிந்த பிறகு கண் வேறு மாதிரிப் பார்க்கும். ஒரே ஆளுக்கு இரண்டையும் காட்டினால் எது பிடித்தது என்று வேண்டுமானால் கேட்கலாம். எது பிடித்து உட்கார வைத்தது என்று அளக்க, அவர் முதலில் பார்த்த எடிட் மட்டும்தான் உதவும்.

‘பிடித்ததா’ என்று கேட்பதே வேலைக்கு ஆகாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்த வீட்டுப் பிள்ளையிடம் யார் “போரடிக்குது தம்பி” என்று சொல்வார்கள்?

பழைய முறை ஒன்று இருக்கிறது. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்ற சிறுவர் நிகழ்ச்சியைத் தயாரித்தபோது, எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் கேள்வியே கேட்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்து, அதில் ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறும்படி செய்தார். ஒவ்வொரு படம் மாறும்போதும் பிள்ளையின் கண் டிவியில் இருக்கிறதா, பக்கத்துத் திரைக்குப் போய்விட்டதா என்று குறித்தார்கள். 1969இல் முன்னோட்டப் பகுதிகளை இப்படிச் சோதித்ததில், தெருவில் பெரியவர்கள் மட்டும் பேசும் இடங்களில் பிள்ளைகளின் கண் விலகுவது தெரியவந்தது. அதனால்தான் அந்தத் தெருவுக்குள் பொம்மைகளைக் கொண்டுவந்தார்கள். எது சிறந்த நிகழ்ச்சி என்று அந்தச் சோதனை தீர்ப்புச் சொல்லவில்லை, எந்த இடத்தில் ஓட்டை என்று காட்டியது. இதை அப்போது நான் படித்தேனே தவிர, மண்டையில் ஏறியது கடைசியில்தான்.

அடுத்த ஞாயிறு வேறு 12 பேர். 12 சீட்டு எழுதி பிஸ்கட் டின்னில் போட்டோம், 6 சீட்டில் அடுப்பு, 6 சீட்டில் தராசு. எடுத்த சீட்டில் உள்ளதைத்தான் அவர் பார்ப்பார், ஒன்றே ஒன்று, தனியாக. லெப்டொப்பில் வீடியோ ஓடும். அதற்கு வலப்பக்கம் ஒரு போனில் போன வருடத் தேர்த் திருவிழாப் படங்கள், 8 விநாடிக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். 360 விநாடிக்கு 45 படம் வந்தது, கணக்குப் போட வசதி. இன்னொரு போன் அவர் முகத்தைப் பதிவு செய்யும், அதற்கு முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொண்டோம். பிறகு இரவில் உட்கார்ந்து, படம் மாறும் ஒவ்வொரு தடவையும் கண் லெப்டொப்பில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று போட்டேன். நான் போட்டதைப் பார்க்காமல் மச்சானும் தனியாகப் போட்டான். ஒத்துவராத இடங்களை மறுபடி ஓட்டிப் பார்த்துத் தீர்த்தோம். பெரும்பாலும் அது தேத்தண்ணி குடிக்கக் குனிந்த இடமாகத்தான் இருந்தது, ஆகவே அடுத்த தடவை தேத்தண்ணியை முடிந்த பிறகே கொடுக்க வேண்டும்.

“வேணாம்னா எந்த நேரத்திலும் நிப்பாட்டிரலாம்” என்றும் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தோம். யாரும் நிப்பாட்டவில்லை. 12 பேரும் கடைசி விநாடி வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்த அளவுகோல் அங்கேயே செத்தது. பக்கத்துப் போன் இல்லாமல் இருந்திருந்தால் எங்களிடம் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

ஒவ்வொரு எடிட்டுக்கும் 6 பேர், ஆளுக்கு 45 குறி, மொத்தம் 270. அடுப்படிக்கு 198 கிடைத்தது, தராசுக்கு 216. மச்சான் கையைத் தட்டினான். ஆனால் இந்த மொத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு பேசக்கூடாது, துண்டு போட்டுப் பார்க்க வேண்டும். முதல் 8 படத்தில், அதாவது 64 விநாடிக்குள், 48இல் அடுப்படிக்கு 31, தராசுக்கு 46. வித்தியாசமான 18இல் 15 அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கடுத்த 8 படத்தில் 36க்கு 38. மூன்றாவது நிமிடத்திலிருந்து இரண்டும் தோளோடு தோள்.

தோளோடு தோள் விழுந்த இடமும் அதில்தான் இருந்தது. 17ஆவது படத்திலிருந்து 21 வரை, 2:08க்கும் 2:48க்கும் இடையில், 30 குறியில் அடுப்படி பார்த்தவர்களிடம் 11, தராசு பார்த்தவர்களிடம் 12. என்ன அது என்று பார்த்தால், மலை முழுக்கப் பனிமூட்டம், பின்னணியில் தேயிலை வந்த வரலாற்றை என் குரல் சொல்கிறது. அதை எடுக்க மூன்று காலை நான் அட்டைக்கடி வாங்கியிருந்தேன். அந்த நேரத்தில் எல்லோரும் தேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்படி எடிட்டைப் பார்த்த ஒரு ஆத்தா 45க்கு 45 வாங்கினார். பனிமூட்டத்திலும் கண்ணை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஓரத்தில் தெரிந்த மூன்றாவது ஆள் அவர் மகளாம். அவரை எடுத்துவிட்டால் அந்தக் குழுவின் சராசரி 33இலிருந்து 31க்குக் கிட்ட இறங்கும். ஒரு தாயின் பாசம் ஒரு எடிட்டை இரண்டு குறிக்கு மேலே ஏற்றிவிடுகிறது. ஆறு பேர் என்றால் அதுதான் நிலைமை.

பனியை 40 விநாடியிலிருந்து 12ஆக வெட்டினோம், வரலாற்றை எடுத்துவிட்டோம். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “அந்தப் பனிக்குள்ளதான்டா நான் நாள் முழுக்க நிக்கிறேன், அத ஏன் வெட்டுற?” என்றார். கண் எங்கே போனது என்று என் தாளில் இருந்தது, அவருக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. 12 விநாடியில் நின்றது அவருக்காகத்தான். மச்சான் 5 போதும் என்றான்.

தராசு எடிட்டைத்தான் யூடியூபில் போட்டோம். இரண்டு வாரத்தில் 600க்குக் கொஞ்சம் மேல் பார்வை. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எவ்வளவு தூரம் பார்த்தார்கள் என்ற கோட்டைத் திறந்தால், 30ஆவது விநாடியில் மிச்சமிருந்தது 52 வீதம். எங்கள் காம்பராவில் அதே இடத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கண்ணும் திரையில் இருந்தது.

காரணம் கருத்துகளில் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், “எதைக் கழிக்கிறாங்க? ஏன் அந்தம்மா கோபப்படுறாங்க?” என்று கேட்டிருந்தார். கத்தாரிலிருந்து இன்னொருவர் கிட்டத்தட்ட அதையே கேட்டார். எங்கள் 12 பேருக்கும் கழிவு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. கொழுந்தின் ஈரத்துக்கும் கூடைக்கும் என்று எடையைக் குறைப்பார்கள், அது கூடினால் ஒரு முழுப்பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், அரைப்பேர் ஆகிவிடும். தராசு முள்ளைப் பார்த்ததும் அவர்கள் முன்னே சாய்ந்தது எடிட்டின் திறமையால் இல்லை, அது அவர்களுடைய சொந்தக் கணக்கு. மலை ஏறாதவனுக்கு அந்த 20 விநாடி யாரோ ஒரு அம்மா, ஏதோ ஒரு இலை.

அப்படியானால் அடுப்படியைப் போட்டிருந்தால் 52ஐ விடக் கூடியிருக்குமா? தெரிய வழியில்லை. யூடியூபில் ஒரே வீடியோவுக்கு முகப்புப் படத்தை மாற்றி மாற்றிச் சோதிக்க வசதி இருக்கிறது, உள்ளே ஓடும் எடிட்டை அப்படிச் சோதிக்க முடியாது. போட்ட கோப்பை அதே இணைப்பில் மாற்றவும் விடாது. இன்னொரு வீடியோவாக ஏற்றினால் அதற்கு வேறு நேரம், வேறு ஆட்கள், வேறு பரிந்துரை. முதலாவதைப் பார்த்தவர்களே மறுபடி வந்தால் அதுவும் கெட்டுவிடும். மச்சான் இன்னும் தான் ஜெயித்ததாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் கோட்டின் நடுப்பகுதி எனக்கு ஆறுதல். முதல் நிமிடம் தாண்டி மிஞ்சியவர்கள், பனி வெட்டிய இடத்தில் ஒரு சரிவும் இல்லாமல் நேராகப் போயிருந்தார்கள். வெட்டாமல் விட்டிருந்தால் விழுந்திருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இரண்டு வேறு குழுக்கள் ஒரே 40 விநாடியில் கண்ணை எடுத்தார்கள் என்பது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது. யார் ஜெயிப்பார் என்று கேட்டதற்கு அந்தக் காம்பராவில் கிடைத்த பதில் அந்தக் காம்பராவோடு முடிந்தது. எங்கே தொய்கிறது என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் வெளியிலும் உதவியது.

அடுத்தது தவறணையில் கன்று வளர்ப்பது பற்றி. இந்தத் தடவை பிஸ்கட் டின் இரண்டு. ஒன்று தோட்டத்து ஆட்களுக்கு, மற்றது கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியின் அறைத் தோழர்களுக்கு, அவர்களில் ஒருவர்கூட மலைநாட்டுக்காரர் இல்லை. இரண்டு கூட்டமும் கண்ணை எடுக்கும் இடத்தை முதலில் வெட்டுவோம். தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்து பார்த்து, கொழும்புக்காரர்கள் மட்டும் விலகும் இடத்தில் ஒரு வரி எழுத்துப் போடுவோம். திருவிழாப் படங்களை மாற்றச் சொல்கிறான் மச்சான், கொழும்பில் எங்கள் தேரை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று. கிரிக்கெட் படம் போடலாம் என்று இருக்கிறோம்.