தாடையில் மூன்று கோடு

தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய ஃபவுண்டேஷன் கடை விளக்கில் கச்சிதமாக இருந்தது. மண்டப வாசலில் பகல் வெளிச்சம் பட்டதும் முகம் மட்டும் சாம்பல் பூத்துத் தெரிந்தது. மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்கியது தப்பு. கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு.

இந்த முறை மூன்று ஷேடுகளைத் தாடையோரம், கழுத்தில் இறங்கும்படி கோடாக இழுத்துக்கொண்டு, கடைக்கு வெளியே நிழலில் 10 நிமிடம் நின்றேன். காயும்போது சில ஷேடுகள் ஒரு படி கருக்கும், அவசரப்படக் கூடாது. முதல் கோடு வெளிறியே நின்றது. இரண்டாவதன் அடர்த்தி சரி, ஆனால் ரோஸ் சாயல். என் தோலுக்கு அடியில் இருப்பது மஞ்சள் சாயல். அன்றைக்குச் சாம்பல் தட்டியதும் இதனால்தான். மூன்றாவது அதே அடர்த்தி, மஞ்சள் சாயல். அது எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் தேட வேண்டியிருந்தது. சரி, இதுதான் என்று வாங்கிவிட்டேன்.