குறிப்பிலிருந்து பத்திக்கு: புதுச்சேரிக் கடற்கரைக் கட்டுரையை எழுதி முடித்த அனுபவம்

கல்லூரியில் கொடுத்த கேள்வி இது: "புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்ததற்கு முதன்மைக் காரணம் என்ன?" குறிப்புகள் ஒரு பக்கத்துக்குத் தயாராக இருந்தன. துறைமுகம், மணல் நகர்வு, கருங்கல் கொட்டியது, செயற்கைத் திட்டு என்று நான்கு வரி. கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்ற வரிசையில் இவற்றைப் பத்திகளாக்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

கடலூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அக்காவிடம் குறிப்பைக் காட்டினேன். முதல் வரியிலேயே நிறுத்தினார். "துறைமுகம்னு மட்டும் எழுதி வச்சிருக்கியே, துறைமுகத்துக்கு என்னடா? கேள்விக்கு அது பதிலா?" என்றார். அது வெறும் தலைப்புதான். கருத்து என்றால் ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அதனால் முதல் வரியை இப்படி மாற்றினேன்: "நகரக் கடற்கரை மணலை இழந்ததற்கு, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களே முதன்மைக் காரணம்."

சான்று எழுதுவது சுலபம், குறிப்பில் இருப்பதில் பெரும்பகுதி அதுதான். "1980களின் பிற்பகுதியில் சுவர்கள் எழுந்த பிறகு அவற்றுக்குத் தெற்கே, வீராம்பட்டினம் பக்கம், மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை தேய்ந்தது." இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் நான்கு தகவல்களை அடுக்க ஆசைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டுமே!

விளக்கத்தில்தான் நேரம் போனது, ஏனென்றால் குறிப்பில் அதற்கென்று ஒரு சொல்கூடக் கிடையாது. "இதிலிருந்து துறைமுகமே காரணம் என்று தெரிகிறது" என்று எழுதினால் முதல் வாக்கியத்தைத் திரும்பச் சொன்னதாகத்தான் ஆகும். அக்கா ஒரு வழி சொன்னார். சான்றைப் படித்துவிட்டு "எப்படி?" என்று கேள், அப்புறம் "வேறு காரணம் இருக்கக் கூடாதா?" என்று கேள். இரண்டுக்கும் பதில் வந்தால் அதுதான் விளக்கம்.

முதல் கேள்விக்கு இப்படி எழுதினேன்: "இந்தக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே அதிகம் நகர்கிறது. சுவர் அதை மறித்ததும் வடக்கே மணல் வரவு குறைந்தது. செலவு குறையவில்லை, இருந்த மணலை அலைகள் எப்போதும்போல வாரிக்கொண்டு போயின." இரண்டாவது கேள்விக்கு: "புயலும் கடல் சீற்றமும் மட்டுமே காரணம் என்றால் சுவரின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். ஒருபுறம் சேர்ந்து மறுபுறம் தேய்ந்திருப்பது, சுவரைத்தான் காட்டுகிறது." வீராம்பட்டினத்துச் சான்று ஏன் தேவை என்பதே இந்த வாக்கியத்தை எழுதிய பிறகுதான் எனக்குத் தெளிவானது. அதை எடுத்துவிட்டால் பத்தியின் வாதம் நிற்காது.

இணைப்பு ஒரே வாக்கியம்: "ஆகவே நகரக் கடற்கரையின் மணல் வரும் வழியிலேயே தடுக்கப்பட்டது, கரையில் கல்லைக் கொட்டுவது அந்தத் தடையை நீக்காது." முன்பாதி கேள்விக்குத் திரும்புகிறது, பின்பாதி அடுத்த பத்திக்குக் கதவைத் திறக்கிறது. எல்லாப் பத்திக்கும் இரண்டும் வேண்டும் என்பதில்லை, கேள்விக்குத் திரும்புவது மட்டும் கட்டாயம்.

கருங்கல் வரியில்தான் சிக்கல் வந்தது. கல் கொட்டியதால் கடற்கரைச் சாலை தப்பியது, அரிப்பு வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள் பக்கம் நகர்ந்தது என்று சான்று வரை எழுதிவிட்டேன். இணைப்பு மட்டும் வரவில்லை. கேள்வியோ காரணத்தைக் கேட்கிறது, இந்த வரியோ விளைவைச் சொல்கிறது. வரியைத் தூக்கிப் போடுவதற்குப் பதிலாகக் கருத்தைத் திருப்பினேன்: "கற்கள் அரிப்பை நிறுத்தாமல் இடம் மாற்றியதே, மூலக்காரணம் தீரவில்லை என்பதற்கு அடையாளம்." இப்போது அதே சான்று காரணத்தைப் பற்றிப் பேசியது. இணைப்பும் தானாக வந்தது.

2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் போட்ட செயற்கைத் திட்டைப் பற்றிய வரி இப்படித் திருப்பியும் பொருந்தவில்லை. அது தீர்வு. அதனால் முடிவுரையில் ஒரு வாக்கியமாக வைத்தேன். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் இந்த நான்கு படி வரிசையைப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை, அங்கே நிரூபிக்க ஒன்றுமில்லை.

கடைசியில் ஒவ்வொரு பத்தியிலும் சான்று வாக்கியங்களை மட்டும் விரலால் மறைத்துப் படித்தேன். மணல் நகர்வுப் பத்தி அப்போதும் குறையில்லாமல் ஓடியது. அப்படியென்றால் அதன் விளக்கம் சான்றைத் தொடவே இல்லை என்று அர்த்தம். ஏற்கெனவே முதல் பத்தியில் சொன்னதைத்தான் அது வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தது. முதல் பத்தியோடு சேர்த்துவிட்டேன். நான்கு வரிக் குறிப்பு கடைசியில் இரண்டே பத்தியாகத்தான் நின்றது.